கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து அட்டவணைகளை ஓசிஆர் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மருந்து மொத்தக் கடைக்காக, அவர்களுடைய பழைய பில்லிங் மென்பொருளில் இருந்த இருப்புப் பட்டியலை எக்செலுக்கு மாற்றிக் கொடுத்தேன். அந்த மென்பொருளில் தரவை வெளியே எடுக்கும் வசதி கிடையாது. கையில் இருந்தவை ஸ்கிரீன்ஷாட்கள் மட்டுமே. கரும்பலகை மாதிரி இருண்ட திரை, வெள்ளை எழுத்து, காலாவதியான சரக்கு சிவப்பில், கர்சர் நிற்கும் வரிசை மட்டும் வெளிர்நீலத்தில் கறுப்பு எழுத்து. அதை முடித்த பிறகு இதே மாதிரிப் படங்களோடு வந்த நண்பர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்டார்கள். அவற்றை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். நான் பயன்படுத்துவது பைதான், படங்களைக் கையாளும் ஓப்பன்சிவி, படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தரும் ஓசிஆர் கருவியான டெசராக்ட்.

கறுப்புத் திரையில வெள்ளை எழுத்து என் கண்ணுக்குத் தெளிவாத் தெரியுது. ஓசிஆருக்கு மட்டும் ஏன் தெரியல?

டெசராக்ட் பெரும்பாலும் வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தைப் பார்த்துப் பழக்கப்பட்டது. நாம் கொடுக்கும் படத்தை முதலில் கறுப்பு, வெள்ளை என்ற இரண்டே நிறங்களாக மாற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகு கறுப்பாக இருப்பதை எழுத்தாகவும் வெள்ளையாக இருப்பதைத் தாளாகவும் எடுத்துக்கொண்டு, பத்தி எது, வரி எது என்று பக்கத்தைப் பிரிக்கும். எழுத்தைப் படிப்பது அதற்கும் அப்புறம்தான்.

இருண்ட அட்டவணையைக் கொடுத்தால் அதன் கணக்கில் பக்கம் முழுக்க ஒரே மைக்கறை. பெரிய கறுப்புப் பரப்பைப் புகைப்படம் என்று நினைத்து அப்படியே விட்டுவிடவும் செய்யும். அதனால்தான் பலருக்கு விடை தப்பாக வருவதைவிட, விடையே வராமல் போகிறது. பாதி வரிசைகள் வந்து மீதி வராமல் இருந்தாலும் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

டெசராக்ட் தானே நிறத்தைத் தலைகீழாக்கிப் பார்த்துக்கும்னு படிச்சேனே. அப்புறம் நான் எதுக்குச் செய்யணும்?

பார்க்கும், ஆனால் கடைசிக் கட்டத்தில்தான். 4-ஆம் பதிப்பிலிருந்து, ஒரு வரியைப் படித்து நம்பகம் குறைவாக வந்தால், அந்த வரியை மட்டும் நிறம் மாற்றி இன்னொரு முறை படித்துப் பார்க்கிறது. 5-ஆம் பதிப்பில் அந்த எல்லைக்கு `invert_threshold` என்று பெயர், இயல்பு மதிப்பு 0.7.

ஆனால் வரி என்று ஒன்று பிடிபட்டால்தானே அதை மாற்றிப் படிக்க முடியும்? முந்தைய பதிலில் சொன்ன பக்கப் பிரிப்பு அதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. அங்கே தவறிய வரிசை இந்த இரண்டாம் முயற்சிவரை வருவதே இல்லை. 3.05 வரையிலான பழைய பதிப்புகள் இருண்ட பின்னணியைச் சிரமமில்லாமல் சமாளித்தன. 4-க்கு மேல் வெளிர் பின்னணியில் இருண்ட எழுத்தாகவே கொடுங்கள் என்று டெசராக்டின் ஆவணமே சொல்கிறது. ஆகவே இதை நாமே செய்துவிடுவதுதான் நல்லது.

இன்வர்ட் பண்றதுன்னா என்ன? எத்தனை வரி கோடு எழுதணும்?

ஒரே வரிதான். ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஒரு வெளிச்ச எண் இருக்கிறது. அதை 255-லிருந்து கழித்தால் போதும். என் படத்தில் பின்னணி 30, அது 225 ஆனது. எழுத்து 235, அது 20 ஆனது.

```python
img = cv2.imread("stock.png")
gray = cv2.cvtColor(img, cv2.COLOR_BGR2GRAY)
inv = 255 - gray        # cv2.bitwise_not(gray)
```

ஒரு தப்பு மட்டும் அடிக்கடி கண்ணில் படுகிறது. சிலர் `255 - gray` என்பதற்குப் பதிலாக `-gray` என்று எழுதிவிடுகிறார்கள். இந்த எண்கள் 8 பிட் எண்கள், அவற்றில் எதிர்மறை கிடையாது. 255-ஐத் தாண்டினால் சுற்றி வந்து மறுபடி 0-லிருந்து தொடங்கும், 0-க்குக் கீழே போனால் 255-லிருந்து இறங்கும். அதனால் முழுக் கறுப்பான 0 அப்படியே 0 ஆக நிற்கும், பக்கத்தில் இருக்கும் 1 மட்டும் 255 ஆகிவிடும். சுத்தக் கறுப்புப் பின்னணி மாறாமல் நின்று, அதில் உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் காரணம் இதுதான்.

இன்வர்ட் பண்ணினதும் நல்லாத்தானே இருக்கு. த்ரெஷோல்டு வேற எதுக்கு?

த்ரெஷோல்டு என்பது ஒரு வெளிச்ச எல்லை வைத்துப் படத்தைக் கறுப்பு, வெள்ளை என்று இரண்டாக வெட்டுவது. சில படங்களுக்குத் தேவையே இல்லை. சுத்தமான ஸ்கிரீன்ஷாட், ஒரே பின்னணி நிறம், ஒரே எழுத்து நிறம் என்றால் இன்வர்ட் செய்ததை அப்படியே கொடுங்கள். டெசராக்ட் உள்ளே எப்படியும் த்ரெஷோல்டு செய்துகொள்ளும். அதன் இயல்பான முறை ஓட்சு. ஜப்பானைச் சேர்ந்த நொபுயுகி ஓட்சு 1979-ல் எழுதிய கட்டுரையில் வந்தது. படத்தில் எந்த வெளிச்சத்தில் எத்தனை பிக்சல் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, இரண்டு குவியலாக எங்கே வெட்டினால் அவை ஒன்றிலிருந்து ஒன்று அதிகம் விலகி நிற்குமோ அங்கே வெட்டும். எண்ணை நாம் ஊகிக்க வேண்டியதில்லை.

குவியல் இரண்டுக்கு மேல் போகும்போதுதான் தொல்லை. என் அட்டவணையில் வரிசைகள் மாறி மாறி 30, 44 என்று இரண்டு கருமைகள். அவை பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஒரே குவியலாகச் சேர்ந்துவிட்டன, சிக்கல் இல்லை. அதே திரையில் சிவப்பு எழுத்தும் வெளிர்நீல வரிசையும் இருந்தன. முழுத் திரைக்கும் ஒரே எல்லை வைத்தால் அவற்றில் ஏதாவது ஒன்று தவறான பக்கம் போய் விழும். இந்த முடிவை டெசராக்டிடம் விடாமல் நாமே எடுத்தால், பகுதி பகுதியாக வெட்டித் தனித்தனி எல்லை வைக்கலாம். நான் த்ரெஷோல்டை என் கையில் வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

டெசராக்ட் உள்ளே என்ன செய்கிறது என்று பார்க்க `-c tessedit_write_images=1` என்று சேர்த்து ஓட்டுங்கள். அது உண்மையில் படிக்கும் இருநிறப் படம் ஒரு `tif` கோப்பாகச் சேமிக்கப்படும். அதில் நம் கண்ணுக்கே தெரியாத வரிசையை அது படிக்கப் போவதில்லை.

முதல்ல இன்வர்ட்டா, முதல்ல த்ரெஷோல்டா? ஒருத்தர் இப்படிச் சொல்றார், இன்னொருத்தர் அப்படிச் சொல்றார்.

ஓட்சுவுக்கு எப்படிச் செய்தாலும் ஒன்றுதான். இரண்டு குவியலுக்கு நடுவே வெட்டும் இடம், படத்தைத் திருப்பினாலும் அதே நடுவில்தான் விழும். `THRESH_BINARY_INV` போட்டு இரண்டையும் ஒரே வரியில் முடித்துவிடவும் செய்யலாம்.

`adaptiveThreshold` அப்படியில்லை. அது ஒவ்வொரு பிக்சலையும் அதைச் சுற்றியுள்ள சதுரத்தின் சராசரியோடு ஒப்பிடுகிறது. சராசரியிலிருந்து ஒரு சிறு எண்ணைக் கழித்து, அதைவிட வெளிச்சமாக இருந்தால் வெள்ளை என்கிறது. இருண்ட படத்தைத் திருப்பாமல் கொடுத்தால் என்ன ஆகும் பாருங்கள். கழிக்கும் எண் 10 என்று வைப்போம். வெற்றுப் பின்னணியில் சராசரி 30, எல்லை 20, ஆகவே பின்னணி வெள்ளை. எழுத்து 235, அதுவும் வெள்ளை. எழுத்துக்குப் பக்கத்தில் மட்டும் சராசரி 80 என்று ஏறியிருக்கும், எல்லை 70 ஆகும், அங்கே இருக்கும் 30 கறுப்பாகிவிடும். கடைசியில் வெள்ளைத் தாளில் ஒவ்வொரு சொல்லைச் சுற்றியும் ஒரு கறுப்பு மேகம், அதற்குள் வெள்ளை எழுத்து. இந்த மேகத்தைப் பார்த்தால் திருப்ப மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். முதலில் 255-லிருந்து கழியுங்கள், பிறகு `adaptiveThreshold`.

எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கு. பெரிசு பண்ணலாமா? எந்தக் கட்டத்துல?

பண்ணத்தான் வேண்டும். 1366×768 திரையில் என் பட்டியலின் பெரிய எழுத்துக்கே உயரம் 11 பிக்சல்தான் இருந்தது. டெசராக்டுக்கு 30 பிக்சல் அளவில் கொடுத்தால் வசதி. ஆகவே மூன்று மடங்கு, `INTER_CUBIC`.

செய்ய வேண்டிய கட்டம் த்ரெஷோல்டுக்கு முன். திரையில் எழுத்தின் ஓரம் சட்டென்று முடிவதில்லை, வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே சாம்பல் பிக்சல்கள் இருக்கின்றன. 3-க்கும் 8-க்கும் உள்ள வித்தியாசம் பல நேரம் அந்தச் சாம்பலில்தான் இருக்கிறது. முதலில் இருநிறமாக்கிவிட்டால் அது போய்விடும், பிறகு பெரிதாக்கினால் படிக்கட்டு மாதிரியான ஓரம்தான் பெரிதாகும்.

வெள்ளை எண்ணெல்லாம் சரியா வருது. சிவப்பு எண் மட்டும் காணாமப் போகுது, ஏன்?

மருந்துக் கடைப் பட்டியலில் என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். காலாவதியான சரக்குகள் ஒன்றுகூட எக்செலில் வரவில்லை. கடைக்காரருக்கோ முதலில் வேண்டியது அவைதான்.

காரணம் கிரே ஆக்கும் கணக்கு. மனிதக் கண்ணின் உணர்வுக்கு ஏற்ப அது பச்சைக்கு 0.587, சிவப்புக்கு 0.299, நீலத்துக்கு 0.114 என்று எடை போடுகிறது. என் சிவப்பு எழுத்தின் நிறம் சிவப்பு 220, பச்சை 50, நீலம் 47. கணக்குப் போட்டால் கிரே மதிப்பு 100 வருகிறது. வெள்ளை எழுத்து 235, பின்னணி 30. ஓட்சு 130-ஐ ஒட்டி வெட்டியது. 100 பின்னணியோடு சேர்ந்து காணாமல் போனது.

இருண்ட பின்னணி என்றால் கிரே வேண்டாம். மூன்று நிறங்களில் எது பெரியதோ அதை எடுங்கள்: `img.max(axis=2)`. சிவப்பு எழுத்துக்கு 220 கிடைக்கும், வெள்ளைக்குப் பக்கத்தில் வந்துவிடும். பச்சை, மஞ்சள் எழுத்துக்கும் இதே மருந்துதான். ஆனால் வெளிர் பின்னணியில் இதைச் செய்யாதீர்கள். வெள்ளைத் தாளில் உள்ள நீல எழுத்துக்குப் பெரிய நிறம் 255, தாளுக்கும் 255, எழுத்தே மறைந்துவிடும். அங்கே மூன்றில் சிறியதை எடுக்க வேண்டும், `img.min(axis=2)`.

தலைப்பு வரிசை கறுப்பு, கீழே எல்லாம் வெள்ளை. முழுசா இன்வர்ட் பண்ணினா கீழ உள்ளது கெடுது. என்ன செய்ய?

முழுப் படத்தையும் ஒரே முடிவில் கட்டிப்போடாதீர்கள். என் பட்டியலில் நிலைமை இதற்கு நேர் எதிர். எல்லாம் கறுப்பு, கர்சர் வரிசை மட்டும் வெளிர்நீலம். இரண்டுக்கும் வழி ஒன்றுதான்: கட்டம் கட்டமாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் திருப்புவதா வேண்டாமா என்று தனித்தனியாக முடிவு செய்வது.

ஒரு கட்டத்தில் எழுத்து எடுத்துக்கொள்ளும் இடம் பாதிக்கும் குறைவு. அதனால் பிக்சல்களை வெளிச்ச வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பது பின்னணியாகத்தான் இருக்கும். அந்த நடு மதிப்பு, கட்டத்தின் மிகக் குறைந்த வெளிச்சத்துக்கும் மிக அதிக வெளிச்சத்துக்கும் இடையிலான மையத்தைவிடக் கீழே இருந்தால் இருண்ட கட்டம், திருப்பு. மேலே இருந்தால் விட்டுவிடு. பலர் மையத்துக்குப் பதிலாக 128 என்று நிலையான எண் வைக்கிறார்கள். வெளிச்சம் 150 உள்ள சாம்பல் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் அங்கே அடிபடும்: 150 என்பது 128-க்கு மேல், ஆகவே திருப்பாது.

```python
def prepare(cell):
    g = cv2.cvtColor(cell, cv2.COLOR_BGR2GRAY)
    lo, hi = int(g.min()), int(g.max())
    if hi - lo < 40:
        return None
    if np.median(g) < (lo + hi) / 2:
        v = 255 - cell.max(axis=2)
    else:
        v = cell.min(axis=2)
    v = cv2.resize(v, None, fx=3, fy=3,
                   interpolation=cv2.INTER_CUBIC)
    _, b = cv2.threshold(v, 0, 255,
               cv2.THRESH_BINARY + cv2.THRESH_OTSU)
    return cv2.copyMakeBorder(b, 15, 15, 15, 15,
               cv2.BORDER_CONSTANT, value=255)
```

முந்தைய பதிலில் சொன்ன பெரிய நிறம், சிறிய நிறம் இரண்டும் இதற்குள்ளேயே வந்துவிட்டன. கடைசி வரி சுற்றிலும் 15 பிக்சல் வெள்ளை விளிம்பு சேர்க்கிறது. எழுத்து விளிம்போடு ஒட்டி நின்றால் டெசராக்ட் தடுமாறும். வெட்டும்போது கட்டக் கோடு உள்ளே வராதபடி நான்கு பக்கமும் இரண்டு பிக்சல் உள்ளே தள்ளி வெட்டுங்கள். கோட்டின் ஒரு துண்டு உள்ளே வந்தால்கூட அது `1` அல்லது `|` ஆகிவிடும்.

கட்டத்தை வெட்டணும்னா கோடு எங்கே இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இந்த ஒரு வேலைக்குப் படம் இருண்டு இருப்பதே வசதி. ஓப்பன்சிவியின் உருவச் செயல்கள் எல்லாம் வெள்ளையைப் பொருளாகவும் கறுப்பை வெற்றிடமாகவும்தான் பார்க்கின்றன. வெள்ளைக் கோடு ஏற்கெனவே பொருளாக நிற்கிறது. ஆகவே கோடு தேடும் வேலையைத் திருப்புவதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

```python
v = img.max(axis=2)
_, w = cv2.threshold(v, 60, 255, cv2.THRESH_BINARY)
k = cv2.getStructuringElement(cv2.MORPH_RECT, (80, 1))
rows = cv2.morphologyEx(w, cv2.MORPH_OPEN, k)
```

80 பிக்சல் நீளத்துக்குக் குறையாத கிடைக்கோடுகள் மட்டும் `rows`-ல் மிஞ்சும். எழுத்தின் எந்தக் கோடும் அவ்வளவு நீளம் இருக்காது. `(1, 80)` என்று மாற்றினால் நெடுக்குக் கோடுகள். இங்கே ஓட்சு போடவில்லை, 60 என்று கையால் வைத்திருக்கிறேன், கவனியுங்கள். இருண்ட திரையில் கட்டக் கோடுகள் பெரும்பாலும் வெள்ளையாக இருக்காது, மங்கிய சாம்பலாக இருக்கும். என்னுடையதில் 72. ஓட்சு அதைப் பின்னணியோடு தள்ளிவிடும். உங்கள் படத்தில் கோட்டின் மேல் ஒரு பிக்சலின் மதிப்பைப் பார்த்து, அதற்கும் பின்னணிக்கும் நடுவே ஒரு எண்ணை வையுங்கள். வெளிர் வரிசை ஏதாவது இருந்தால் அது முழுப் பட்டையாக `rows`-ல் வந்து நிற்கும். அதன் மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் கோடாக எடுத்துக்கொள்ளலாம்.

கோடே இல்லாத அட்டவணையும் உண்டு. அப்போது ஒவ்வொரு பிக்சல் வரியிலும் எத்தனை வெள்ளை இருக்கிறது என்று கூட்டிப் பாருங்கள். எழுத்து வரிசைகள் மேடாகவும் இடைவெளிகள் பள்ளமாகவும் தெரியும், பள்ளத்தின் நடுவில் வெட்டலாம்.

காலியா இருக்கிற கட்டத்துல எங்கிருந்தோ எழுத்து வருது. பேயா?

ஓட்சுவின் குணம் அது. எதைக் கொடுத்தாலும் இரண்டாகப் பிரிக்காமல் விடாது. வெற்றுக் கட்டத்தில் 29, 30, 31 என்று சின்ன ஏற்ற இறக்கம் இருந்தாலும் அதையே கறுப்பு, வெள்ளையாக வெட்டித் தள்ளிவிடும். ஜேபெக் படமாக இருந்தால் இன்னும் மோசம், பொரிப் பொரியாகப் புள்ளிகள் வரும். அந்தப் புள்ளிகளை டெசராக்ட் ஏதோ எழுத்தாகப் படிக்கிறது.

மேலே உள்ள `prepare`-ல் `hi - lo < 40` என்ற வரி இதற்காகத்தான். வெளிச்ச வேறுபாடு 40-க்குள் இருந்தால் அது காலிக் கட்டம், படிக்கவே அனுப்பாதே. என் பட்டியலில் மிக மங்கலான எழுத்து அந்தச் சிவப்புதான். அதற்கே கிரே வேறுபாடு 70 இருந்ததால் 40 எனக்குப் பொருந்தியது. உங்கள் படத்தில் மங்கலான எழுத்து எது என்று பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். முடிந்தால் ஸ்கிரீன்ஷாட்டைப் பிஎன்ஜியாகவே சேமியுங்கள். வாட்ஸப்பில் படமாக அனுப்பி வாங்கினால் அது ஜேபெக்காகச் சுருங்கி வரும், கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள்.

8, 6 எல்லாம் ஓட்டை அடைபட்டு உருண்டையா ஆயிடுது. என்ன பண்றது?

வெள்ளை எழுத்து இருண்ட பின்னணியில் கொஞ்சம் பருத்துத்தான் விழும், கேமராவில் எடுத்தால் இன்னும் பருக்கும். திருப்பிய பிறகு அது தடித்த கறுப்பு எழுத்தாகி, உள்ளே இருக்கும் சின்ன வட்டத்தை அடைத்துவிடுகிறது. `cv2.threshold` திருப்பிக் கொடுக்கும் முதல் எண் ஓட்சு தேர்ந்த எல்லை. திருப்பிய படத்தில் அதிலிருந்து 15 அல்லது 20 குறைத்து, அந்த எண்ணை வைத்து இன்னொரு முறை சாதாரண த்ரெஷோல்டு செய்யுங்கள். ஓரத்துச் சாம்பல் வெள்ளைப் பக்கம் போய் எழுத்து மெலியும்.

ரொம்பக் குறைத்தால் மெல்லிய கோடுகள் அறுந்து 8 என்பது 3 ஆகும். ஒரு கட்டத்தைத் திரையில் பெரிதாக வைத்துக்கொண்டு எண்ணை மாற்றி மாற்றிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை.

தமிழ்ப் பெயர்கள்ல புள்ளியெல்லாம் போயிடுதே?

யாரோ சொன்னார்கள் என்று `medianBlur` போட்டிருப்பீர்கள். இரைச்சலைப் போக்க நல்ல கருவிதான், ஆனால் தனியாக நிற்கும் சின்னப் புள்ளி எல்லாமே அதற்கு இரைச்சல்தான். 11 பிக்சல் உயர எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி ஒன்றிரண்டு பிக்சல்தான். அதை வழித்து எடுத்துவிட்டால் க் என்பது க ஆகும், ‘பால்’ என்பது ‘பால’ ஆகும். எண்களிலும் இதே ஆபத்து: 31.50 என்பது 3150 ஆகிவிடும். இதனால் வந்த தவறுகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஸ்கிரீன்ஷாட்டில் இரைச்சலே கிடையாது, ஆகவே மங்கலாக்கும் எந்தக் கருவியும் வேண்டாம். தமிழ் உள்ள பத்திகளை மட்டும் மூன்றுக்குப் பதில் நான்கு மடங்கு பெரிதாக்கி `-l tam` கொடுங்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்திருந்தால் `-l tam+eng`. எண் பத்திக்குத் தமிழ் மாதிரியைக் கொடுக்காதீர்கள்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் டெசராக்டுக்கு என்ன கட்டளை கொடுக்கணும்?

ஒரு கட்டத்தில் ஒரு வரிதான் இருக்கும் என்றால் `--psm 7`. எண் பத்திகளுக்கு வரக்கூடிய எழுத்துக்களையும் சொல்லிவிடுங்கள்:

```
tesseract cell.png out --psm 7 -l eng -c tessedit_char_whitelist=0123456789.
```

இப்படிச் சொன்னால் 0 என்பது O ஆகாது, 5 என்பது S ஆகாது. 4.0-ல் இந்தப் பட்டியல் புது எல்எஸ்டிஎம் முறையோடு வேலை செய்யவில்லை, 4.1-லிருந்து செய்கிறது. மருந்துப் பெயரும் பேட்ச் எண்ணும் உள்ள பத்திகளுக்கு இதைப் போடாதீர்கள். அங்கே எழுத்தும் எண்ணும் கலந்துதான் வரும்.

ஃபோன்ல எடுத்த ஃபோட்டோதான் இருக்கு. இதே முறை போதுமா?

ஃபோட்டோவில் இரண்டு கூடுதல் தொல்லைகள். இருண்ட திரை கண்ணாடி மாதிரி, ஜன்னலும் டியூப்லைட்டும் நம் முகமும் அதில் விழும். அடுத்தது, திரை இருட்டாக இருப்பதால் கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும், வெள்ளை எழுத்து வெந்து பருத்துப் போகும். எடுக்கும் நிலையில் இருந்தால் விளக்கை அணைத்துவிட்டு, ஃபோன் திரையில் தெரியும் எழுத்தின் மேல் விரலை வைத்துத் தொட்டு, வெளிச்சத்தைக் குறைத்து எடுங்கள். அலை அலையாகக் கோடு தெரிந்தால் கொஞ்சம் பின்னால் போய் ஜூம் செய்து எடுத்துப் பாருங்கள்.

எடுத்தாகிவிட்ட படம் என்றால், பின்னணி ஒரு மூலையில் 20, இன்னொரு மூலையில் 90 என்று இருக்கும். கட்டம் கட்டமாக வெட்டினால் பாதிக் குறை தீரும். ஒரே கட்டத்துக்குள்ளேயே வெளிச்சம் மாறினால், திருப்பிய பிறகு `adaptiveThreshold` போடுங்கள். சதுரத்தின் அளவு ஒற்றைப்படை எண்ணாக, எழுத்து உயரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கட்டும். சாய்ந்து எடுத்த படத்தை முதலில் நேராக்காமல் கோடு தேடும் வேலை எதுவும் ஓடாது. விளக்கின் பிம்பம் எழுத்தின் மேலேயே விழுந்திருந்தால் அங்கே தகவலே இல்லை, மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

எல்லாம் வந்துடுச்சு. சரியாத்தான் வந்திருக்குன்னு எப்படி நம்பறது?

டெசராக்ட் தரும் நம்பக மதிப்பை மட்டும் வைத்து நம்பாதீர்கள். தவறாகப் படித்த இலக்கத்துக்கும் 90-க்கு மேல் கொடுக்கும். அட்டவணைக்குள்ளேயே இருக்கும் கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். மருந்துப் பட்டியலில் இருப்பு, விலை, மதிப்பு என்று மூன்று பத்திகள். இருப்பையும் விலையையும் பெருக்கினால் மதிப்பு வர வேண்டும். ஒரு வரிசையில் 43, 31.50, 1512.00 என்று வந்தது. 43-ஐ 31.50-ஆல் பெருக்கினால் 1354.50. அந்தக் கட்டத்தைத் திறந்து பார்த்தேன், உண்மையில் 48. 8-ன் இடது பக்கம் அறுந்திருந்தது, நான் எல்லையை 30 குறைத்து வைத்திருந்ததால் வந்த வினை. 15 ஆக்கி முழுவதையும் மறுபடி ஓட்டினேன்.

பேட்ச் எண், காலாவதித் தேதி மாதிரி கணக்கில் மாட்டாத பத்திகளுக்கு வேறு வழி வேண்டும். தேதி என்றால் மாதம் 1 முதல் 12-க்குள் இருக்கிறதா என்று பார்க்கலாம். பேட்ச் எண்ணுக்கு அதுவும் இல்லை. அதற்காக ஒவ்வொரு திரையிலும் இரண்டு வரிசைகளை, அவற்றில் ஒன்று சிவப்பு வரிசையாக, கண்ணால் ஒப்பிட்டேன். அப்புறம் ஒவ்வொரு திரையிலும் எத்தனை வரிசை இருந்தது, எக்செலில் எத்தனை வந்தது என்று எண்ணினேன். ஒரு திரையில் 24-க்கு 23 வந்திருந்தது. விட்டுப்போனது கர்சர் நின்ற வெளிர்நீல வரிசை. கோடு தேடும்போது அதைப் பட்டையாகப் பிரித்து எடுக்காமல் விட்டிருந்தேன்.